மார்ச் தெரியாமல் செப்டம்பரில் கட்டுவது: ஃப்ரீலான்ஸ் வேலைக்கு அட்வான்ஸ் டாக்ஸ்

"மும்பை செம்பூர்ல இருக்கேன். போன வருஷம் ஆகஸ்ட்ல வேலையை விட்டுட்டு வீடியோ எடிட்டிங் தனியாப் பண்றேன். சிங்கப்பூர் கம்பெனி ஒண்ணு மாசம் 1.2 லட்சம் அனுப்புது, டிடிஎஸ் கிடையாது. இங்க உள்ள ஏஜென்சிகள் 10% பிடிச்சுட்டுத் தர்றாங்க, அவங்களுக்குப் போட்ட பில் ஏப்ரல்லேருந்து 1.6 லட்சம் ஆச்சு. செலவு மாசம் 20 ஆயிரம். ஜூன்ல அட்வான்ஸ் டாக்ஸ் கட்டலை. மார்ச் வரைக்கும் என்ன வரும்னே தெரியாதப்ப செப்டம்பர் 15-க்கு எதை வெச்சுக் கட்டறது? கணக்கு தப்பாப் போனா என்ன ஆகும்?"

இது 2025-26 நிதியாண்டுக்கான கேள்வி. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தப் பயம் போனால்தான் முதல் கேள்விக்குக் கணக்குப் போட மனசு வரும். தப்பாகப் போனால் வட்டி வரும், அவ்வளவுதான். அபராதம் இல்லை, நோட்டீஸ் இல்லை. உத்தேச வருமானம் இவ்வளவு என்று நீங்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கப் போவதும் இல்லை. சலானில் ஒரு தொகையைக் கட்டுகிறீர்கள், அது எந்தக் கணக்கில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ரிட்டர்ன் போடும்போது வருஷத்தின் உண்மையான வரியை வைத்து, ஒவ்வொரு தவணை நாளிலும் எவ்வளவு கட்டியிருக்க வேண்டும், எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்று பின்னோக்கிப் பார்த்து, குறைந்த பணத்துக்கு மாதம் 1% தனி வட்டி போடுவார்கள். உங்கள் உத்தேசம் நியாயமானதா என்று பார்ப்பதில்லை. ஜனவரியில் திடீரென்று ஒரு வேலை வந்தால், அது ஜூனிலேயே உங்களுக்குத் தெரிந்திருந்த மாதிரிதான் கணக்கு ஓடும். எரிச்சலான விஷயம்தான், ஆனால் தொகையாகப் பார்த்தால் பெரிதில்லை. கீழே போட்டுக் காட்டுகிறேன்.

மாட்டுங்காவில் ஒரு வரிக் கணக்கு அலுவலகத்தில் 16 வருஷமாக இருக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் உங்களை மாதிரி தனியாகத் தொழில் செய்கிறவர்கள். அவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான்: இதுவரை கைக்கு வந்த பணத்துக்கு இதுவரை உள்ள வரி என்று கட்டப் பார்ப்பார்கள். அட்வான்ஸ் டாக்ஸ் அப்படி இல்லை. ஒவ்வொரு தவணையிலும் முழு வருஷத்துக்கும் ஒரு வரியை உத்தேசமாகப் போட்டு, அதில் ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் 100% சேர்ந்திருக்க வேண்டும். இந்தச் சதவீதம் எல்லாம் மொத்தமாகச் சேர்ந்த கணக்கு. செப்டம்பரில் 45 கட்டுவது என்றால் ஜூனில் கட்டியதும் அதற்குள் அடக்கம். உத்தேசம் மாறினால் அடுத்த தவணையில் புது உத்தேசத்துக்குப் புதுச் சதவீதத்தைப் போட்டு, ஏற்கெனவே கட்டியதைக் கழித்தால் போதும். பழையதைத் திருத்துவதற்கென்று தனியாக ஒரு வேலை இல்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். நான் வழக்கமாகச் செய்வது, வருஷத்தில் மீதி வரப்போகும் பணத்தை மூன்று குவியலாகப் பிரிப்பது. கையெழுத்துப் போட்டு மாதாமாதம் வருவது முதல் குவியல், அது முழுசாகக் கணக்கில் வரும். சிங்கப்பூர் கம்பெனியின் ஒப்பந்தம் மார்ச் வரை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்: 12 மாதத்துக்கு 14,40,000. இரண்டாவது, சீசனில் வரும் வேலை. மும்பையில் விளம்பர வேலை செய்கிறவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கணபதி விசர்ஜனம் முடிந்த கையோடு தீபாவளி விளம்பரங்கள் வரிசையில் நிற்கும், பிறகு நவம்பரில் ஒரு சுணக்கம், டிசம்பர் கடைசியில் மறுபடி கொஞ்சம். போன வருஷம் செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏஜென்சிகளுக்கு நீங்கள் போட்ட பில்லை எடுத்து வைத்துக்கொண்டு அதில் முக்கால் பங்கை எழுதுங்கள். உதாரணத்துக்கு 2,40,000 என்று வைக்கிறேன், ஏற்கெனவே வந்த 1,60,000-ஐச் சேர்த்தால் 4,00,000. மூன்றாவது குவியல், "சார், ஒரு வெப் சீரீஸ் பேசிட்டிருக்கோம்" வகை. அதற்குச் சுழியம். பேச்சு பில்லாகிற அன்று சேர்த்துக்கொள்ளலாம்.

மொத்தம் 18,40,000. செலவு மாதம் 20,000 வீதம் 2,40,000. இங்கே ஒரு எச்சரிக்கை, நவம்பரில் ஒன்றரை லட்சத்துக்கு ஒரு லேப்டாப் வாங்கி அதை முழுசாகச் செலவில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40%. அந்த வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதி, அதாவது 20%. நவம்பரில் வாங்கினால் இந்த வருஷச் செலவு 30,000 மட்டுமே. வாங்கியே ஆகவேண்டும் என்றால் செப்டம்பரிலேயே வாங்கிவிடுங்கள், 60,000 கிடைக்கும்.

லேப்டாப்பை விட்டுவிட்டால் லாபம் 16,00,000. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5% என்றால் 20,000, அடுத்த 4-க்கு 10% என்றால் 40,000, அடுத்த 4-க்கு 15% என்றால் 60,000. ஆக 1,20,000, அதன் மேல் 4% செஸ் சேர்த்து 1,24,800. சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் 75,000 நிலையான கழிவு உங்களுக்குக் கிடையாது, போன வருஷம் அது கிடைத்த ஞாபகத்தில் கழித்துவிடாதீர்கள். இதில் ஏஜென்சிகள் பிடிக்கும் டிடிஎஸ் 4 லட்சத்துக்கு 10% என்று 40,000. மிச்சம் 84,800. டிடிஎஸ் போக மிச்சம் 10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும் என்பதால் நீங்கள் சந்தேகமே இல்லாமல் அதற்குள் வருகிறீர்கள்.

84,800-இல் 45% என்றால் 38,160. 38,200 என்று கட்டுங்கள். ஜூன் தவணையை விட்டதற்கு 15% ஆன 12,720 மேல் வட்டி உண்டு. நூறுக்குக் கீழுள்ளதைத் தள்ளிவிட்டு 12,700-க்கு 3%, அதாவது 381 ரூபாய். இந்த 3% ஏன் என்பதைக் கவனியுங்கள், பலருக்குத் தெரியாது: முதல் மூன்று தவணைகளிலும் நாள் தவறினால் மூன்று மாத வட்டி மொத்தமாக விழும். ஜூன் 20-இல் கட்டினாலும் அதே 381, செப்டம்பர் 14-இல் கட்டினாலும் அதே 381. அதனால் ஜூன் தவறிப்போன பிறகு ஜூலையில் அடித்துப் பிடித்துக் கட்டியிருந்தாலும் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. கடைசித் தவணைக்கு மட்டும் ஒரு மாத வட்டி, 1%.

செப்டம்பருக்கு இன்னொரு சலுகை இருக்கிறது. உண்மையான வரியில் 36% கட்டியிருந்தால் போதும், 45% ஆகவில்லை என்று வட்டி போட மாட்டார்கள். ஜூனுக்கு இதே மாதிரி 12%. டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இந்த விட்டுக்கொடுப்பு இல்லை. 38,200 கட்டினால், டிடிஎஸ் போக உங்கள் வரி சுமார் 1,06,000 வரை ஏறினாலும் செப்டம்பர் தவணைக்கு வட்டி வராது. அதாவது உத்தேசத்தை விட ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் அதிகமாக, டிடிஎஸ் இல்லாத வேலை வந்தாலும் செப்டம்பர் தாங்கும். நான் 45%-ஐயே கட்டச் சொல்வது இந்த இடைவெளிக்காகத்தான். 36%-ஐ மட்டும் குறிவைத்துக் கட்டினால் ஒரு சின்ன வேலை வந்தாலே அது போய்விடும்.

இப்போது தப்பாகப் போவதைப் பார்ப்போம். டிசம்பரில் 75% ஆக்க 25,400 கட்டிவிட்டீர்கள், மொத்தம் 63,600. ஜனவரியில் துபாய் கம்பெனி ஒன்று 3 லட்சத்துக்கு ஒரு வேலை தருகிறது, டிடிஎஸ் இல்லை. லாபம் 19 லட்சம். 16 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை வரி 20%, செஸ்ஸோடு 20.8%, ஆக அந்த 3 லட்சத்துக்கு வரி 62,400. டிடிஎஸ் போக மொத்தம் கட்ட வேண்டியது 1,47,200 ஆகிவிட்டது. மார்ச் 15-க்குள் மீதி 83,600-ஐயும் கட்டிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தவணை குறைந்ததற்கு 234சி பிரிவில் ரிட்டர்னில் வரும் வட்டி: ஜூனுக்கு 22,000 மேல் 660, செப்டம்பருக்கு 66,240 இருந்திருக்க வேண்டும், 38,200 இருக்கிறது, குறைந்த 28,000-க்கு 840, டிசம்பருக்கு 1,10,400 இருந்திருக்க வேண்டும், 63,600 இருக்கிறது, 46,800-க்கு 1,404. கூட்டினால் 2,904 ரூபாய். 3 லட்சம் எதிர்பாராமல் வந்த வருஷத்தில் 2,904 வட்டி. இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றுமே கட்டாமல் ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்டலாம் என்று இருந்தால் கதை வேறு. அதே 1,47,200-க்கு 234சி மட்டும் 7,430 வரும். அதோடு மார்ச் 31-க்குள் 90% கூடக் கட்டவில்லை என்பதால் 234பி என்று தனியாக ஒன்று தொடங்கும், ஏப்ரல் முதல் கட்டுகிற மாதம் வரை மாதம் 1%. ஜூலையில் கட்டினால் நாலு மாதம், 5,888. இரண்டும் சேர்ந்து 13,318. மாதத்தில் ஒரு நாள் தொட்டாலும் முழு மாதம் என்பதால் ஜூலை 2-ஆம் தேதிக்கும் ஜூலை 30-ஆம் தேதிக்கும் வித்தியாசம் இல்லை. மார்ச் 15 தவறினாலும் மார்ச் 31-க்குள் கட்டுவது அட்வான்ஸ் டாக்ஸ் கணக்கில்தான் சேரும், அதனால் 234பி-யைத் தவிர்க்க அந்த இரண்டு வாரம் கைகொடுக்கும்.

வட்டியை விட எனக்கு முக்கியமாகப் படுவது மார்ச்சில் அந்த 83,600 கையில் இருக்குமா என்பதுதான். எங்களிடம் வந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உத்தேசத்தில் தோற்பதில்லை, பணத்தைச் செலவழித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். இதற்கு ஒரே வழி, பணம் வரும்போதே பிரித்து வைப்பது, ஆனால் எல்லாப் பணத்துக்கும் ஒரே சதவீதம் போட்டால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் 84,800-ஐ 12 மாத சிங்கப்பூர் பணத்தில் பரப்பினால் மாதம் ஏறத்தாழ 7,100 வருகிறது, சுமார் 6%. இதைப் பார்த்துவிட்டு வருகிற எல்லாவற்றிலும் 6% எடுத்து வைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. உத்தேசத்துக்குள் இருக்கும் பணத்துக்குத்தான் அந்த 6%. உத்தேசத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாயும் நேராக 20% படியில் போய் உட்கார்கிறது. துபாய் வேலை மாதிரி டிடிஎஸ் இல்லாமல் வந்தால் 20.8%-ஐயும் அன்றைக்கே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். இங்குள்ள ஏஜென்சியிலிருந்து வந்தால் அவர்கள் 10% பிடித்தது போக 10.8%. அந்த 3 லட்சம் வந்த அன்று 62,400 தனியே போயிருந்தால் மார்ச் 15 ஒரு சாதாரண நாள்.

அப்புறம், அந்த வேலை ஜனவரியில் வராமல் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஒப்பந்தமாகியிருந்தால், பணம் மார்ச்சுக்குள் வந்துவிடும் என்பது உறுதியாக இருக்கும் பட்சத்தில், டிசம்பர் தவணையிலேயே அதைச் சேர்த்து 75% போட்டுவிடுங்கள். அந்த 1,404 மிச்சம். ஜூனுக்கும் செப்டம்பருக்கும் ஒன்றும் செய்ய முடியாது. (18.4 லட்சத்தோடு 3 லட்சம் சேர்ந்தால் மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டுகிறது, அங்கே ஜிஎஸ்டி பதிவு வந்து நிற்கும், வெளிநாட்டு வேலையும் அந்த 20 லட்சத்தில் சேரும். அது தனிக் கதை, ஆனால் மறந்துவிடாதீர்கள்.)

எதிர்ப்பக்கமும் நடக்கும். நவம்பர் கடைசியில் சிங்கப்பூர்க்காரர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால்? எட்டு மாதத்துக்கு 9,60,000, ஏஜென்சி 4,00,000, செலவு 2 லட்சத்தோடு நின்றது என்றால் லாபம் 11,60,000. புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு 87ஏ தள்ளுபடியில் வரியே இல்லை. டிசம்பர் தவணை கட்ட வேண்டாம், செப்டம்பரில் கட்டிய 38,200-உம் டிடிஎஸ் 40,000-உம் ரிட்டர்ன் போட்டதும் திரும்ப வரும். ஆனால் வரித்துறைக்காரர்கள் நம்மிடம் மாதம் 1% வாங்குவார்கள், திருப்பித் தரும்போது அரை சதவீதம்தான், அந்த வட்டிக்கும் வரி உண்டு. இதனால்தான் மூன்றாவது குவியலுக்குச் சுழியம் போடச் சொன்னேன், பாதுகாப்புக்காக என்று 60,000, 70,000 செப்டம்பரிலேயே கொண்டுபோய்க் கட்டுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

12 லட்சத்தை ஒட்டி இருப்பவர்கள்தான் உண்மையில் கஷ்டப்படுகிறவர்கள். உத்தேசம் 11.8 லட்சம் என்றால் ஜூன், செப்டம்பர், டிசம்பர் மூன்றிலும் கட்ட வேண்டியது சுழியம். பிப்ரவரியில் 70,000-க்கு ஒரு வேலை வந்து 12.5 லட்சம் ஆகிவிட்டால் வரி சுழியத்திலிருந்து ஒரே தாவலில் 52,000. அதுகூட 12 லட்சத்துக்கு மேல் வந்த 50,000-ஐ விட வரி அதிகமாகக் கூடாது என்ற சலுகையில் 50,000 ஆகிச் செஸ்ஸோடு வந்த தொகை, இல்லையென்றால் 70,200 ஆகியிருக்கும். 70,000-க்கு வேலை செய்து 52,000 வரி. டிடிஎஸ் போனது போக மிச்சத்துக்கு மூன்று தவணைகளின் வட்டியும் சேரும். நீங்கள் இப்போது அந்த இடத்தில் இல்லை, ஆனால் சிங்கப்பூர் வேலை போனால் அங்கேதான் வந்து நிற்பீர்கள், அப்போது பிப்ரவரி, மார்ச் பில்களைக் கொஞ்சம் பார்த்துப் போட வேண்டும்.

பில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் பில் போட்டு ஏப்ரலில் பணம் வந்தால் அது எந்த வருஷ வருமானம்? பணம் வந்த நாளை வைத்துக் கணக்கு எழுதலாம், பில் போட்ட நாளை வைத்தும் எழுதலாம், சட்டம் இரண்டையும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் போன வருஷம் ரிட்டர்னில் எந்த முறையைப் பின்பற்றினீர்களோ அதே முறைதான் இந்த வருஷமும். வசதிக்குத் தகுந்த மாதிரி வருஷா வருஷம் மாற்றிக்கொள்ள முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானது. இனி சந்தேகமானது. உங்களை மாதிரி இருக்கிற யாராவது "44ஏடிஏ-யில் போடு, பாதி வருமானத்துக்குத்தான் வரி, மார்ச் 15-க்கு ஒரே தவணை போதும்" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பிரிவு இருப்பது உண்மை, ஒரே தவணை என்பதும் உண்மை. உங்கள் 18.4 லட்சத்தில் பாதி 9.2 லட்சம், அது 12 லட்சத்துக்குள், ஆகவே வரி சுழியம், பிடித்த 40,000-உம் திரும்ப வரும். 1,24,800-க்கும் சுழியத்துக்கும் உள்ள வித்தியாசம் என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் அது எல்லாத் தொழிலுக்கும் இல்லை. வக்கீல், மருத்துவர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள்அலங்காரம், அறிவிக்கை மூலம் சேர்த்த தகவல் தொழில்நுட்பம், திரைப்படக் கலைஞர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. திரைப்படக் கலைஞர் என்பதற்குள் எடிட்டர் இருக்கிறார். ஆனால் திரைப்படத் தயாரிப்பில் தொழில்முறையாக ஈடுபடுகிறவர் என்றுதான் விதி சொல்கிறது. ஒரு சிங்கப்பூர் கம்பெனியின் பயிற்சி வீடியோவையும் முப்பது விநாடி விளம்பரத்தையும் எடிட் பண்ணுகிறவர் அதற்குள் வருவாரா?

இதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. வரும் என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள், தொடவே மாட்டேன் என்கிறவர்களும் இருக்கிறார்கள். சினிமா வேலை செய்கிற எடிட்டர் வந்தால் நான் யோசிக்காமல் 44ஏடிஏ-யில் போடுவேன். உங்கள் வரவில் முக்கால் பங்குக்கு மேல் கார்ப்பரேட் வீடியோ, நான் போட மாட்டேன். இது என் அபிப்பிராயம் மட்டுமே. உங்கள் ஒப்பந்தத்தில் வேலை என்னவென்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் யாரும் இதை முடிவாகச் சொல்ல முடியாது, அதை எடுத்துக்கொண்டு ஒரு ஆடிட்டரிடம் நேரில் போய் உட்காருங்கள். அந்த முடிவு மார்ச்சுக்குள் எடுத்தால் போதும். ஆனால் அது சாதகமாக வரும் என்று நம்பிச் செப்டம்பரைச் சும்மா விட்டு, பிறகு ஆடிட்டர் வேண்டாம் என்று சொன்னால், வட்டி நீங்கள்தான் கட்ட வேண்டும். கட்டி வைத்துவிட்டு, சாதகமாக வந்தால் திரும்ப வாங்கிக்கொள்வது மேல்.

இதே கேள்வியோடு இதைப் படிக்கும் வேறு சிலருக்கு: இந்த வருஷம்தான் முதன்முதலாகத் தொழில் வருமானம் என்றால் உங்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. அந்த வருமானத்தை முன்கூட்டிக் கணிக்க முடியாமல் தவணையில் குறைந்திருந்தால், மீதித் தவணைகளிலோ மார்ச் 31-க்குள்ளோ அதற்கான வரியைக் கட்டிவிட்டால் 234சி கிடையாது. கேள்வி கேட்டவருக்குப் போன வருஷமே தொழில் வருமானம் வந்துவிட்டதால் அந்தச் சலுகை முடிந்துபோனது.

கட்டும்போது ஒரே ஒரு இடத்தில் நிதானமாக இருங்கள். incometax.gov.in தளத்தில் `e-Pay Tax` போய்ப் புதிதாகக் கட்டப் போகிறேன் என்று கொடுத்தால் முதலில் `Assessment Year` கேட்கும். 2025-26 நிதியாண்டுக்கு அங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது 2026-27. கை பழக்கத்தில் 2025-26 என்று போய்விடும். அடுத்து `Advance Tax (100)`, அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் `Self-Assessment Tax (300)` இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு வருஷத்தைத் தப்பாகப் போட்டுக் கட்டிவிட்டேன், ரிட்டர்ன் போடும்போது பணம் கட்டாதவர் மாதிரி வட்டியோடு கணக்கு வந்து நின்றது. அதைச் சரிசெய்ய அதிகாரிக்குக் கடிதம் எழுதி, நடையாய் நடந்து, நாலு மாதம் ஆயிற்று. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்போது தளத்திலேயே திருத்த முடியும், ஆனால் வருஷத்தை மாற்ற, கட்டிய நாளிலிருந்து ஏழு நாள்தான் அவகாசம். அதனால் ரசீது இறங்கியதும் அதிலுள்ள வருஷத்தையும் 100 என்பதையும் ஒருமுறை பாருங்கள், சில நாள் கழித்து ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏஜென்சிகள் பிடித்த டிடிஎஸ் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். ஏதாவது ஏஜென்சி பிடித்த பணத்தை இன்னும் கட்டாமல் இருந்தாலோ, 10% என்று சொல்லிவிட்டு விளம்பர வேலை என்பதால் ஒப்பந்தக் கணக்கில் 1% மட்டும் பிடித்திருந்தாலோ அங்கேதான் வெளியே வரும். அப்படி இருந்தால் நான் மேலே கழித்த 40,000 அவ்வளவு இருக்காது, டிசம்பர் தவணையில் அந்தப் பள்ளத்தையும் சேர்த்து நிரப்ப வேண்டியிருக்கும்.

2025 செப்டம்பர் 15 திங்கள்கிழமை வருகிறது. கடைசி நாள் மாலை வரை வைத்துக்கொள்ளாமல் சனிக்கிழமையே கட்டிவிடுங்கள், வங்கிப் பக்கம் ஏதாவது சிக்கினாலும் இரண்டு நாள் கையில் இருக்கும். 2026 மார்ச் 15 ஞாயிறு. வங்கி விடுமுறையானால் அடுத்த வேலை நாளில் கட்டினாலும் வட்டி இல்லை என்று 1994-லேயே ஒரு சுற்றறிக்கை இருக்கிறது, ஆனாலும் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்று இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 2026 முதல் புது வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண்கள் எல்லாம் வேறு, நான் மேலே சொன்ன 234பி, 234சி என்பவை உங்களுடைய 2025-26 கணக்குக்கான எண்கள்.